பக்கத்துக்கு முன்னால் ஆள்



சிறிய ஸ்டார்ட்அப் ஒன்று லிங்க்ட்இன்னில் தனக்கென ஒரு பக்கம் தொடங்குவது எப்படி, அந்தப் பக்கமும் நிறுவியவர்களின் சொந்தக் கணக்குகளும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பக்கம் தொடங்குவது பத்து நிமிட வேலை. அதற்காக யாரும் சொற்பொழிவு கேட்க வரவேண்டியதில்லை. இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் நேரத்தையும் அதற்கே செலவிடப் போகிறேன்.

பேச வசதியாக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் பெண். நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். இன்னொருவர் அவரோடு கல்லூரியில் படித்தவர், பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறார், இன்னும் வேலையை விடவில்லை. மோட்டார் மேல் ஒட்டிவைக்கிற சின்னக் கருவி ஒன்றை இருவரும் செய்திருக்கிறார்கள். அது அதிர்வை அளந்து, பேரிங் போகப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லும். ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குக் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார்கள். கீழே அந்த அம்மாவின் கையெழுத்து இருக்கிறது.

மில்லின் பராமரிப்பு மேலாளர் அதைப் படித்ததும் என்ன செய்வார்? நிறுவனத்தின் பெயரைத் தேடுவார் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நிறுவனத்தின் பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லாது. கையெழுத்துப் போட்டவரின் பெயரைத்தான் தேடுவார். "யாரு இந்தப் பொண்ணு, எந்த மில்லுல இருந்துச்சு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்த அம்மாவின் சொந்தக் கணக்குக்குப் போவார். அங்கே நிறுவனத்தின் சின்னம் தெரிந்தால் அதை அழுத்துவார். நிறுவனப் பக்கம் திறக்கும். அதில் இந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை அழுத்தினால் இரண்டாவது ஆள் தெரிவார். அவருடைய கணக்குக்கும் ஒரு நடை போய் வருவார். ஆள், பக்கம், மறுபடியும் ஆள். இந்த நடைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இது எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

வழி ஆளிடமிருந்து தொடங்குவதால், வேலையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். லிங்க்ட்இன்னின் அமைப்பும் அப்படித்தான். நிறுவனப் பக்கத்துக்கென்று தனி லாகின் கிடையாது. ஒரு மனிதர் தன் கணக்கில் நுழைந்து, அதிலிருந்து பக்கத்தைத் திறக்கிறார், நிர்வகிக்கிறார். நேற்றுத் திறந்த, தொடர்புகளே இல்லாத கணக்கிலிருந்து பக்கம் தொடங்கப் போனால் லிங்க்ட்இன் தடுத்துவிடவும் கூடும். இது தெரியாமல் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள். முதற்பெயர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரின் முதல் பாதி, கடைசிப்பெயர் என்ற இடத்தில் மறு பாதி என்று போட்டு, மனிதருக்கான கணக்கு ஒன்றை நிறுவனத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் சின்னம். இது லிங்க்ட்இன்னின் விதிகளுக்கு விரோதம். கணக்கு உண்மையான மனிதருடையதாக இருக்க வேண்டும். ஒரு கணக்கின் கடவுச்சொல்லை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதும் கூடாது. ஒருநாள் கணக்கு முடக்கப்பட்டால் அதில் சேர்ந்த தொடர்புகள் எல்லாம் போய்விடும். அதையும் விடுங்கள். மேலாளர் "இவர் யார்?" என்று பார்க்க வந்த இடத்தில் ஆளே இல்லை என்றால் அவர் அந்த நிமிடமே வெளியேறிவிடுவார்.

ஆக, முதலில் இரண்டு பேரின் சொந்தக் கணக்குகளையும் ஒழுங்குபடுத்துங்கள். பிறகு பக்கம் திறங்கள். திறப்பதற்கு முன் ஒரு தேடல் மிச்சமிருக்கிறது. உங்கள் நிறுவனப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது பக்கம் இருக்கிறதா? "நாங்கள் இன்னும் தொடங்கவே இல்லையே, எப்படி இருக்கும்?" என்று கேட்பீர்கள். இருக்கலாம். உங்களிடம் இரண்டு மாதம் பயிற்சிக்கு வந்த மாணவர் தன் கணக்கில் உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டிருப்பார். அப்படிப்பட்ட பதிவுகளை வைத்து லிங்க்ட்இன் தானாகவே உரிமையாளர் இல்லாத ஒரு பக்கத்தை உருவாக்கி வைத்திருக்கக்கூடும். சின்னம் இருக்காது, விளக்கம் இருக்காது, இது உங்கள் நிறுவனமா என்று கேட்டு உரிமை கோரச் சொல்லும் பொத்தான் மட்டும் இருக்கும். அது உங்களுடையதுதான் என்றால் அதையே கோரிப் பெற்றுக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு இன்னொன்று திறந்தால், ஒரே பெயரில் இரண்டு பக்கம் நிற்கும். பழைய மாணவர்கள் ஒன்றில், நீங்கள் ஒன்றில். பிறகு இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி லிங்க்ட்இன்னுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும்.

சரி, படிவத்துக்கு வருவோம். பெயர், முகவரி, வலைத்தளம், தொழில்வகை, ஆள் எண்ணிக்கை, நிறுவன வகை, சின்னம், ஒரு வரி அறிமுகம். இவ்வளவுதான் கேட்கும். இதில் இரண்டு இடத்தில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

ஒன்று, பெயர். நிறுவனம் ஒரு பெயரில் பதிவாகியிருக்கும், கருவி வேறு பெயரில் விற்கும். நம் கோவை ஆட்களுக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷனின் தலைப்பில் பதிவுப் பெயர் இருக்கிறது. கருவியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் பொருளின் பெயர் இருக்கிறது. அந்த அம்மா தன் கணக்கில் பொருளின் பெயரைப் போட்டிருக்கிறார், அவருடைய கூட்டாளி பதிவுப் பெயரைப் போட்டிருக்கிறார். பார்க்கிறவருக்கு இவை இரண்டு கம்பெனிகள். என் யோசனை, மக்கள் வாயில் எந்தப் பெயர் புழங்குகிறதோ அதைப் பக்கத்தின் பெயராக வையுங்கள். பதிவுப் பெயரை விளக்கப் பகுதியின் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் முழுதாக எழுதிவிடுங்கள். இருவரும் பக்கத்தின் பெயரையே தங்கள் கணக்கில் பயன்படுத்துங்கள். பதிவு செய்யாமல் தனிநபர் தொழிலாக நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெத்தாக இருக்கும் என்று பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்' சேர்க்காதீர்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 453ஆம் பிரிவு அதை அபராதத்துக்குரிய குற்றம் என்கிறது, அபராதமும் நாள் கணக்கில் ஏறும்.

இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. படிவத்தில் 0–1, 2–10, 11–50 என்று அடுக்குகள் இருக்கும். இரண்டு பேர் இருக்கும்போது 11–50 என்று தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. மில்காரர் பெரிய கம்பெனி என்று நினைக்கட்டுமே என்று. இதில் என்ன சிக்கல் என்றால், நீங்கள் சொன்ன எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, இந்த நிறுவனத்தில் வேலை செய்வதாகத் தங்கள் கணக்கில் இணைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் லிங்க்ட்இன் எண்ணிக் காட்டிவிடும். 11–50 என்று ஒரு வரி, 2 என்று அடுத்த வரி. பொய்யை நாமே எழுதி, அதைப் பிடிக்கும் ஆதாரத்தையும் நாமே பக்கத்தில் வைத்த கதை. 2–10 என்பது அவமானம் அல்ல. பேரிங் பழுதைச் சொல்லும் கருவி வாங்குகிறவருக்கு, கருவி செய்தவரே போனை எடுப்பார் என்பது ஒரு வசதி.

தொழில்வகையில் சிறு குழப்பம் வரும். கருவி செய்கிறோமா, மென்பொருள் விற்கிறோமா? வாங்குகிறவர் உங்களை எதற்குள் தேடுவாரோ அதைப் போடுங்கள், போதும். மேலே வரும் நீளப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அகலம் 1128, உயரம் 191 பிக்சல் என்ற கணக்கில் செய்யச் சொல்லிவந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஆறுக்கு ஒன்று. அந்த ஒல்லியான பட்டையில், இடது கீழ்மூலையைச் சின்னம் மறைத்துக்கொண்டிருக்கும்போது, நான்கு வரி வாசகம் எழுத முடியாது. மோட்டார் மேல் கருவி ஒட்டியிருக்கிற ஒரு படம் போதும். மில்லுக்குள் எடுத்த படமென்றால் மில்லிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பக்கம் திறந்தாகிவிட்டது. அந்த அம்மாவின் கணக்கில் நிறுவனத்தின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, ஆறு மாதத்துக்கு முன்பே எழுதியது. இரண்டும் தானாக இணைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இணையாது. அவர் எழுதும்போது பக்கம் இல்லை. வெறும் எழுத்தாகத்தான் அது பதிவாகியிருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? அவருடைய கணக்கில் Experience பகுதியைப் பாருங்கள். நிறுவனப் பெயருக்கு இடதுபுறம் சாம்பல் நிறத்தில் ஒரு பொதுவான கட்டடப் படம் இருந்தால் இணைப்பு இல்லை. உங்கள் சின்னம் இருந்தால் இணைப்பு உண்டு. சின்னம் இல்லாத பக்கத்துக்கும் அதே சாம்பல் படம்தான் வரும், ஆகவே முதலில் பக்கத்தில் சின்னத்தை ஏற்றிவிட்டுப் பாருங்கள். நம் மேலாளரின் நடை அறுந்துபோகும் முதல் இடம் இந்தச் சாம்பல் கட்டடம்தான்.

சரி செய்வது எளிது, ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பதவிக்குப் பக்கத்தில் உள்ள பென்சில் படத்தை அழுத்தி, நிறுவனப் பெயரை முழுதாக அழித்துவிட்டு, மறுபடி எழுதத் தொடங்க வேண்டும். நாலைந்து எழுத்து அடித்ததும் கீழே ஒரு பட்டியல் விழும். அதிலிருந்து உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுப் பெயரையும் கையால் அடித்து முடித்துச் சேமித்தால் பழையபடி வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். பட்டியலில் தேர்ந்தெடுக்கும்போதும் சின்னத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெயரில் வேறு நாட்டில் ஒரு கம்பெனி இருப்பது சாதாரணம். நம்மூரில் ஸ்டார்ட்அப்புகளுக்கு வைக்கும் பெயர்களைப் பார்த்தால் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவசரத்தில் அழுத்தி, டெக்சாஸில் இருக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் நிறுவனராகத் தன்னை அறிவித்துக்கொண்டு, அது தெரியாமலே மாதக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு.

சேமிப்பதற்கு முன் இன்னொன்று. அதே படிவத்தின் மேலே Notify network என்று ஒரு சுவிட்ச் இருக்கும். திருத்த வேலை முடியும்வரை அதை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தியதற்குப் பழைய சகாக்களிடமிருந்து 'புதிய பதவிக்கு வாழ்த்துகள்' என்று வரத் தொடங்கும். எல்லாம் சரியான பிறகு, ஊரறியச் சொல்ல விரும்பும் அந்த ஒரு நாளில் மட்டும் அதைப் போடலாம்.

இந்த இணைப்புக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நீங்கள் இணைவது போலவே யார் வேண்டுமானாலும் உங்கள் நிறுவனத்தோடு இணைந்துகொள்ளலாம். உங்கள் அனுமதி கேட்கப்படுவதில்லை. ஒரு வாரம் வந்து போன பயிற்சி மாணவர், ஒரு முறை ஆலோசனை சொன்ன பேராசிரியர், ஒரு காலத்தில் கூட்டாளியாக வருவதாக இருந்து வராமல் போனவர், எல்லோரும் உங்கள் ஆட்கள் பட்டியலில் நிற்பார்கள். மில் மேலாளர் அந்தப் பட்டியலை அழுத்தினால், கருவி செய்த இருவருக்கு முன்னால் மூன்று மாணவர்கள் 'இணை நிறுவனர்' என்ற பட்டத்தோடு தெரியலாம். நிர்வாகி என்ற முறையில் நீங்களே அவர்களை நீக்க முடியாது. முதலில் நேரில் சொல்லித் திருத்தச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் தவறான தகவல் என்று லிங்க்ட்இன்னுக்குப் புகார் எழுத வேண்டும். அதைவிட, பயிற்சிக்கு வரும்போதே பதவியின் பெயர் என்ன, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று ஒரு மின்னஞ்சலில் சொல்லிவிடுவது நல்லது. முடிவுத் தேதி போட்டுவிட்டால் அவர்கள் பழைய ஊழியராகத்தான் தெரிவார்கள், அதில் யாருக்கும் குறை இல்லை.

அடுத்து இரண்டாவது ஆள். பெங்களூரில் இன்னும் வேலையில் இருப்பவர். இதுதான் எனக்கு அதிகமாக வரும் கேள்வி. அவர் தன் கணக்கில் ஸ்டார்ட்அப்பைப் போடலாமா, வேண்டாமா?

பக்கத்தோடு இணைந்த அந்த நிமிடமே அவருடைய பெயர் ஆட்கள் பட்டியலில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மேலாளருக்கும் தெரியும். லிங்க்ட்இன்னில் இதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் வழி இல்லை. 2022 செப்டம்பரில் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, வேலையில் இருந்துகொண்டே போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கிவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அது வேறு விதமான வழக்கு என்று சொல்லலாம். இருந்தாலும், வேலை ஒப்பந்தத்தில் வேறு தொழில் செய்யக் கூடாது என்ற பிரிவும், வேலைக் காலத்தில் எழுதும் மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற பிரிவும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லிங்க்ட்இன் கேள்வி அதற்குப் பிறகுதான். முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்க முடிந்தால் வாங்கிவிட்டு இணையுங்கள். முடியாது என்றால் இணைக்காதீர்கள். பக்கத்தின் விளக்கத்திலும் அவர் பெயரைச் சொல்லாதீர்கள். அந்த அம்மா மட்டும் நிறுவனராகத் தெரியட்டும், ஆள் எண்ணிக்கை ஒன்று என்றே காட்டட்டும்.

நடுவழி ஒன்றைப் பலர் எடுக்கிறார்கள். அதைத்தான் நான் வேண்டாம் என்பேன். 'ஸ்டெல்த் ஸ்டார்ட்அப், இணை நிறுவனர்' என்று பெயர் சொல்லாமல் போட்டுக்கொள்வது. முதலாளிக்குச் சந்தேகம் வரும் அளவுக்கு அது சொல்கிறது, வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும் அளவுக்குச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் நட்டம்.

அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு இரண்டு வேலை, இரண்டிலும் Present. கணக்கின் உச்சியில், முகத்துக்குப் பக்கத்தில் எது தெரியும்? அறிமுகப் பகுதியைத் திருத்தப் போனால், எந்தப் பதவியை மேலே காட்டுவது என்று அவரே தேர்ந்தெடுக்க முடியும். சம்பளம் தரும் இடம் மேலே இருக்கட்டும், ஸ்டார்ட்அப் கீழே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். அதுதான் உண்மை நிலவரம். வேலையை விட்ட அன்று மாற்றிக்கொள்ளலாம். இந்த அம்மாவின் கதை நேர்மாறானது. மில் வேலையை விட்டு ரொம்ப நாளாயிற்று, ஆனால் அங்கே முடிவுத் தேதி போட மறந்திருக்கிறார். இன்றும் மில்லில் வேலை செய்வதாகக் கணக்கு சொல்கிறது. ராஜபாளையம் மேலாளர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இன்னொரு மில்லின் ஊழியர் நமக்குக் கருவி விற்க வருகிறார், நம் மோட்டார்களின் கணக்கு எங்கே போகுமோ! கொட்டேஷன் அந்த இடத்திலேயே நின்றுவிடும். யாரும் போன் செய்து விளக்கம் கேட்க மாட்டார்கள்.

தேதி என்று வந்துவிட்டதால் அதை முழுதாகப் பார்த்துவிடலாம். அவர் மில்லை விட்டது 2022 ஜூன். வீட்டில் உட்கார்ந்து கருவியின் முதல் மாதிரியைத் தொடங்கியது ஆகஸ்ட். கம்பெனி பதிவானது 2023 ஜனவரி. பக்கத்தில் Founded என்று ஒரு கட்டம் இருக்கிறது, வருடம் மட்டும் கேட்கும். எதைப் போடுவது? கல்லூரியில் இந்த யோசனை தோன்றிய வருடம் என்று 2015ஐப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். பதிவான கம்பெனி ஒவ்வொன்றுக்கும் சிஐஎன் என்ற 21 எழுத்துகள் கொண்ட அடையாள எண் உண்டு. லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் அதை அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதலில் ஓர் எழுத்து, பிறகு தொழிலைக் குறிக்கும் ஐந்து எண்கள், பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்துகள், நமக்கு TN. அதற்கு அடுத்து வரும் நான்கு எண்கள் என்ன தெரியுமா? பதிவான வருடம். ஆக, 2015 முதல் இயங்குகிறோம் என்று பக்கம் சொல்லும்போது, கையில் இருக்கும் கொட்டேஷனின் மூலையில் 2023 என்று நம் சொந்தக் கம்பெனியே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். மில்லின் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கத் தெரியும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பதிவுத் தேதியை யாரும் பார்க்கலாம்.

அதனால் Founded கட்டத்தில் 2023. அந்த அம்மாவின் கணக்கில் தொடக்கம் 2022 ஆகஸ்ட். ஏனென்றால் அவர் உண்மையில் அன்றிலிருந்து உழைக்கிறார். மில் வேலைக்கும் இதற்கும் நடுவே காரணமில்லாத இடைவெளியும் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருடைய பதவி விளக்கத்தில் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடலாம். '2022 ஆகஸ்டில் முதல் மாதிரி, 2023 ஜனவரியில் நிறுவனமாகப் பதிவு.' வித்தியாசம் இருப்பது தப்பில்லை, விளக்கம் இல்லாத வித்தியாசம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

பட்டங்களும் இதே கதைதான். 'நிறுவனர்', 'இணை நிறுவனர்' என்பதற்குச் சட்டத்தில் தனிப் பதவி இல்லை, நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டால் போதும். 'டைரக்டர்' அப்படியல்ல. அது பதிவேட்டில் இருக்கும் பதவி. பெங்களூர் நண்பர் பங்கு மட்டும் வைத்திருக்கிறார், டைரக்டராகப் பதிவாகவில்லை என்றால் கணக்கில் 'டைரக்டர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது. எல்எல்பியாகப் பதிவு செய்தவர்களுக்கு டைரக்டரே கிடையாது, கூட்டாளிகள்தான். இன்னொரு வேடிக்கை, இருவரும் தங்கள் தங்கள் கணக்கில் 'நிறுவனர் மற்றும் சிஇஓ' என்று போட்டிருப்பது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு நாள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இரண்டு கணக்கையும் பக்கத்தையும் ஒரே திரையில் திறந்து வைத்துப் படித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

அப்படி உட்காரும்போது அந்த ஒரு வரி அறிமுகத்தையும் எழுதிவிடுங்கள். பக்கத்துக்கு 120 எழுத்துகள் வரை இடம் உண்டு, சொந்தக் கணக்கின் தலைவரிக்கு 220. 'செயற்கை நுண்ணறிவால் தொழில்துறையை மாற்றியமைக்கிறோம்' என்பது போன்ற வரி எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும், ஆகவே உங்களுக்குப் பொருந்தாது. 'நூற்பாலை மோட்டார்களின் அதிர்வைக் கண்காணித்து, பேரிங் பழுதை முன்கூட்டிச் சொல்லும் கருவி' என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த அம்மாவின் தலைவரியில் அதே விஷயம் அவர் பக்கத்திலிருந்து வரட்டும்: 'நிறுவனர், இன்ன கம்பெனி, நூற்பாலை மோட்டார் அதிர்வுக் கண்காணிப்பு, முன்பு மில் பராமரிப்புப் பொறியாளர்.' கடைசித் துண்டுதான் ராஜபாளையம்காரர் தேடி வந்தது. நண்பரின் வரியில் மென்பொருள் முன்னால் வரலாம். மூன்று வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'நூற்பாலை', 'மோட்டார்', 'அதிர்வு' என்ற மூன்று சொற்களும் மூன்றிலும் இருந்தால் போதும். ஒன்றில் 'மோட்டார்', இன்னொன்றில் 'ஐஓடி தீர்வுகள்', மூன்றாவதில் 'ஸ்மார்ட் ஃபேக்டரி' என்று போனால், மூன்றும் மூன்று தொழிலைச் சொல்கின்றன என்றுதான் தோன்றும்.

வாடிக்கையாளர் பெயரைப் போடும் விஷயத்திலும் மூன்றும் ஒன்றாகப் பேச வேண்டும். ஒரு மில்லில் இரண்டு மோட்டாரில் சோதனைக்கு ஒட்டியிருப்பதைப் பக்கம் 'வாடிக்கையாளர்' என்று சொல்கிறது, அந்த அம்மாவின் கணக்கு 'சோதனை நடக்கிறது' என்று சொல்கிறது. கொங்கு வட்டாரத்து மில்காரர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மில்லுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவார்கள். சோதனை என்றால் சோதனை என்றே எழுதுங்கள்.

பதிவு எழுதுவதைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள், எனக்கு அதில் சொல்ல அதிகமில்லை. புதிதாகத் திறந்த பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் உங்கள் சொந்தக்காரர்களும் கல்லூரி நண்பர்களும்தான். நிர்வாகிகள் தங்கள் தொடர்புகளைப் பக்கத்தைப் பின்தொடர அழைக்கலாம், அதற்கு மாத வரம்பு உண்டு. அதை மாமா சித்தப்பாவிடம் செலவழிக்காமல் மில்களில் இருப்பவர்களிடம் செலவழியுங்கள். எழுதுவதை அந்த அம்மா தன் பெயரில் எழுதட்டும். ஒரு விசிறி மோட்டாரில் அதிர்வு எப்படி ஏறியது, கழற்றிப் பார்த்தபோது பேரிங் எந்த நிலையில் இருந்தது என்று படத்தோடு எழுதி, @ போட்டு நிறுவனப் பக்கத்தைக் குறிப்பிடட்டும். பக்கம் அதை எடுத்து மறுபகிர்வு செய்யட்டும். தலைகீழாகச் செய்தால், அதாவது பக்கத்தில் எழுதி நிறுவனர் பகிர்ந்தால், என் அனுபவத்தில் அது குறைவான பேரிடம்தான் போகிறது. பக்கத்தில் மாதம் ஒன்றிரண்டு பதிவு இருந்தால் கடை திறந்திருக்கிறது என்று தெரியும். அதற்கு மேல் இரண்டு ஆட்கள் உள்ள கம்பெனிக்கு நேரமும் இருக்காது.

கடைசியாக, சாவி யார் கையில் என்ற விஷயம். பக்கத்தைத் திறந்தவர் Super admin ஆகிறார். மற்றவர்களைச் சேர்க்கவும் நீக்கவும் அவரால் மட்டும்தான் முடியும். பக்கத்தை விளம்பர ஏஜென்சியின் ஊழியரோ, பயிற்சி மாணவரோ தன் கணக்கிலிருந்து திறந்து கொடுத்திருந்தால், அவர்தான் அந்த அதிகாரத்தில் இருப்பார். அவர் வேலை மாறிப் போன பிறகு நீங்கள் உங்கள் பக்கத்தையே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நிர்வாகி உரிமை கேட்டு லிங்க்ட்இன்னுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் உங்கள் கணக்கில் அந்த நிறுவனத்தில் வேலை செய்வதாக இணைப்பு இருக்க வேண்டும், நீங்கள் அங்கே இருப்பவர்தான் என்பதற்கு நிறுவன மின்னஞ்சல் போன்ற ஆதாரத்தையும் கேட்பார்கள். ஆகையால் இரண்டு நிறுவனர்களும் Super admin ஆக இருங்கள். எழுதுவதற்கு உதவி செய்கிறவருக்கு உள்ளடக்க நிர்வாகி என்ற கீழ்நிலை உரிமை போதும், அதற்கான தெரிவு அங்கேயே இருக்கிறது. நண்பர் முதலாளியின் அனுமதி கிடைக்காமல் இணையாமல் இருக்கிறார் என்றாலும் நிர்வாகியாக இருக்கலாம், நிர்வாகிகளின் பட்டியல் பார்வையாளர்களுக்குத் தெரியாது.

இருவரில் ஒருவர் பிரிந்து போகும் நாளும் வரலாம். அப்போது செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை இருக்கிறது. இருப்பவர் Super admin என்பதை உறுதி செய்துகொண்டு, போகிறவரின் நிர்வாகி உரிமையை எடுக்க வேண்டும். போகிறவர் தன் கணக்கில் பதவியை அழிக்காமல், முடிவு மாதம் மட்டும் போட வேண்டும். 'இணை நிறுவனர்' என்ற பட்டம் அவருடையதுதான், அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. டைரக்டராக இருந்திருந்தால் பதிவேட்டில் ராஜினாமா ஏறிய தேதியும் கணக்கில் போடும் மாதமும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்தின் விளக்கத்தில் அவர் பெயர் இருந்தால் அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். ஆள் எண்ணிக்கை 2–10 என்பதிலிருந்து 0–1 ஆகும், அதையும் மாற்ற வேண்டும். பிரியும்போது கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் இவற்றுக்கு என்று ஒரு பத்தியும், முப்பது நாள் கெடுவும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உங்கள் ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ இப்போதே சொல்லிவையுங்கள். அப்படி ஒரு பத்தி வேண்டும் என்று அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். கணக்கை போனிலேயே திறந்து வைத்துக்கொண்டு கேட்டால், பார்த்தே பதில் சொல்கிறேன்.